சக்கரத்தின் விளிம்புப் புள்ளி எவ்வளவு தூரம் போகிறது?

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஒருவர் 10 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புறப்படும் முன் டயரின் வெளிவிளிம்பில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டார். சைக்கிள் 10 கிலோமீட்டர் போயிருக்கிறது. அந்தப் புள்ளி எவ்வளவு தூரம் போயிருக்கும்?

"சைக்கிளோடு சேர்ந்துதானே போகிறது, அதுவும் 10 கிலோமீட்டர்தான்" என்பார்கள் சிலர். "இல்லை, அது மேலும் கீழுமாகச் சுற்றிக்கொண்டே போகிறது. ஆகவே கூடுதலாகப் போயிருக்கும்" என்பார்கள் வேறு சிலர். இரண்டாவது விடையே சரி. ஆனால் எவ்வளவு கூடுதல்? புள்ளி ஏறத்தாழ 12.7 கிலோமீட்டர் பயணம் செய்திருக்கும். சிறுவர் சைக்கிளின் சின்னச் சக்கரமானாலும் பெரியவர் சைக்கிளின் பெரிய சக்கரமானாலும் இந்த எண் மாறாது.

இதைக் கண்டுபிடிக்கத் தேவையானவை கூடுதல் கணிதத்தில் நீங்கள் படிக்கும் வகையிடல், தொகையிடல், முக்கோணவியல் முற்றொருமைகள் ஆகிய மூன்று மட்டுமே. இடையில் ஒரு தடை வரும். தொகையிட வேண்டிய கோவை ஒரு வர்க்கமூலத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். அதை எப்படி வெளியே எடுப்பது, எடுக்கும்போது எங்கே தவறு நேரும், எடுக்கவே முடியாவிட்டால் என்ன செய்வது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

புள்ளி வரையும் பாதை

ஒட்டுநாடா தீர்ந்துபோன அட்டை வளையம் ஒன்றை எடுங்கள். அதன் விளிம்பில் பென்சில் முனையைப் பொருத்தி, ஓர் அளவுகோலை ஒட்டி வழுக்காமல் உருட்டுங்கள். தாளில் வரிசையாக வளைவுகள் விழும். ஒவ்வொரு வளைவும் ஒரு பாலத்தின் வளைவு போல உயர்ந்து இறங்கும். இரண்டு வளைவுகள் சேரும் இடத்தில் ஒரு கூர்முனை இருக்கும். இந்த வளைகோட்டுக்குச் சைக்ளாய்டு என்று பெயர். பெயர் வைத்தவர் இத்தாலிய அறிவியலாளர் கலிலியோ.

இப்போது இதைச் சமன்பாடாக எழுதுவோம். சக்கரத்தின் ஆரம் r. தொடக்கத்தில் புள்ளி தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சக்கரம் t ரேடியன் சுழன்ற பிறகு, அது தரையில் உருண்ட தூரம் rt. வழுக்காமல் உருள்வதால், சுழன்ற வில்லின் நீளமும் தரையில் கடந்த தூரமும் ஒன்றே. ஆகவே சக்கரத்தின் மையம் இப்போது (rt, r) என்ற இடத்தில் இருக்கும். புள்ளி அந்த மையத்துக்கு r sin t அளவு பின்னாலும், r cos t அளவு கீழேயும் இருக்கும். எனவே:

x = r(t − sin t)
y = r(1 − cos t)

சரிபார்த்துவிடுவோம். t = 0 எனில் புள்ளி (0, 0) இல், அதாவது தரையில் உள்ளது. t = π எனில் அரைச் சுற்று முடிந்து y = 2r, அதாவது சக்கரத்தின் உச்சியில் உள்ளது. t = 2π எனில் ஒரு முழுச் சுற்று முடிந்து மீண்டும் தரைக்கு வந்துவிட்டது.

இங்கே y என்பதை x மூலமாக நேரடியாக எழுதுவது மிகவும் சிக்கல். ஆனால் t என்ற ஒரே எண்ணைக் கொடுத்தால் x, y இரண்டும் கிடைத்துவிடுகின்றன. இப்படி இரண்டையும் பின்னாலிருந்து இயக்கும் எண்ணுக்குத் துணையலகு என்று பெயர்.

நீளத்தைத் துண்டு துண்டாக

வளைந்த கோட்டை அளவுகோலால் அளக்க முடியாது. ஆனால் அதை மிகச் சிறு துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் கிட்டத்தட்ட நேர்கோடுதான். ஒரு துண்டில் புள்ளி கிடையாக dx நகர்கிறது, செங்குத்தாக dy நகர்கிறது. பைதகரஸ் தேற்றப்படி அந்தத் துண்டின் நீளம் dx² + dy² என்பதன் வர்க்கமூலம். துணையலகு t ஐக் கொண்டு எழுதினால்:

ds = √[ (dx/dt)² + (dy/dt)² ] dt

இந்த ds துண்டுகளை எல்லாம் தொகையிட்டால் வளைகோட்டின் மொத்த நீளம் கிடைக்கும். t ஐ நேரமாக நினைத்துக்கொண்டால் இன்னும் எளிது. வர்க்கமூலம் தருவது புள்ளியின் வேகம். வேகத்தை நேரத்தால் பெருக்கிக் கூட்டினால் தூரம்.

நம் சைக்ளாய்டுக்கு வகையிட்டால்:

dx/dt = r(1 − cos t)
dy/dt = r sin t

இங்கேதான் தடை வருகிறது. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலத்துக்குள் வைத்துத் தொகையிட வேண்டும்.

மூலத்தைத் திறக்கும் சாவி

அவசரத்தில் பலர் செய்யும் ஒரு வேலையை முதலில் விலக்கிவிடுவோம். இரண்டு வர்க்கங்களின் கூட்டலுக்கு மூலம் எடுக்கும்போது, தனித்தனியாக மூலம் எடுத்துக் கூட்டிவிடக் கூடாது. 3² + 4² = 25; மூலம் 5. தனித்தனியாக எடுத்தால் 3 + 4 = 7 என்று வரும். படத்தில் பார்த்தால் காரணம் புரியும். 5 என்பது சாய்வாக நேரே போகும் தூரம். 7 என்பது முதலில் கிடையாகவும் பிறகு செங்குத்தாகவும் படிக்கட்டு போலப் போகும் தூரம்.

எனவே மூலத்தைத் தொடாமல், உள்ளே இருப்பதை மட்டும் முதலில் சுருக்குவோம்.

(dx/dt)² + (dy/dt)²
= r²(1 − 2cos t + cos² t) + r² sin² t
= r²(1 − 2cos t + 1)
= 2r²(1 − cos t)

இரண்டாவது படியில் sin² t + cos² t = 1 என்பதைப் பயன்படுத்தியிருக்கிறோம். கோவை சிறிதாகிவிட்டது. ஆனாலும் இன்னும் மூலம் எடுக்க முடியாது. 1 − cos t ஒரு முழு வர்க்கம் இல்லை.

அடுத்துத் தேவைப்படுவது இருமடிக் கோண முற்றொருமை. cos 2A = 1 − 2sin² A என்று படித்திருப்பீர்கள். அதில் A க்குப் பதிலாக t/2 ஐ வைத்து இடம் மாற்றினால்:

1 − cos t = 2 sin²(t/2)

இதுதான் சாவி. இதைப் போட்டதும் உள்ளே இருப்பது 4r² sin²(t/2) ஆகிறது. இது முழு வர்க்கம். மூலத்தை எடுத்தால் 2r sin(t/2) என்று வெளியே வந்துவிடுகிறது.

முற்றொருமையை ஏன் அந்தத் திசையில் பயன்படுத்தினோம் என்பதைக் கவனியுங்கள். வழக்கமாக ஒரு வர்க்கத்தைத் தொகையிட வேண்டுமானால், sin² ஐ நீக்கி cos 2A வடிவுக்குக் கொண்டுபோவோம். இங்கே நமக்கு வேண்டியது அதன் நேர் எதிர். மூலத்தை உடைக்க ஒரு வர்க்கம் வேண்டும். அதனால் cos ஐ நீக்கி sin² ஐ உருவாக்கினோம். உள்ளே 1 + cos t இருந்தால், அதே காரணத்துக்காக 2 cos²(t/2) என்று மாற்றுவோம்.

இப்போது ஒரு முழுச் சுற்றின் நீளம்:

L = ∫ 2r sin(t/2) dt, t = 0 முதல் 2π வரை
= [ −4r cos(t/2) ]
= 4r + 4r
= 8r

விடை 8r. அதில் π இல்லை! வட்டச் சக்கரம் உருண்டு வரைந்த பாதையின் நீளம், ஆரத்தின் சரியாக 8 மடங்கு. ஆரம் 35 செண்டிமீட்டர் என்றால், ஒரு சுற்றில் சைக்கிள் நகர்வது 2πr, அதாவது சுமார் 220 செண்டிமீட்டர். அதே நேரத்தில் விளிம்புப் புள்ளி போவது 280 செண்டிமீட்டர். இரண்டுக்கும் உள்ள விகிதம் 8r / 2πr = 4/π, அதாவது சுமார் 1.273. r அடிபட்டுப் போவதால்தான் சக்கரத்தின் அளவு பொருட்டே இல்லை. 10 கிலோமீட்டருக்கு 12.7 கிலோமீட்டர் வந்தது இப்படித்தான்.

இந்த விடையை முதலில் நிறுவியவர் இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் ரென். ஆண்டு 1658. லண்டனில் இன்றும் நிற்கும் செயின்ட் பால் தேவாலயத்தை வடிவமைத்த அதே கட்டடக் கலைஞர்தான் அவர். அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பு, 1637ல், டேக்கார்ட் என்ற பிரெஞ்சு மேதை வளைந்த கோட்டுக்கும் நேர்கோட்டுக்கும் உள்ள விகிதத்தை மனிதரால் துல்லியமாக அறிய முடியாது என்று எழுதியிருந்தார். ரென் கண்ட 8 என்ற முழு எண் அந்தக் கருத்துக்கு நேர் எதிரான சான்றுகளில் ஒன்றாக அமைந்தது. தொகையிடல் முறையை நியூட்டனும் லைப்னிட்சும் உருவாக்கும் முன்பே வடிவியலைக் கொண்டு ரென் இதைச் செய்தார்.

விடை சரியா என்று எப்படித் தெரியும்?

தேர்வில் விடைத்தாளை மூடும் முன் ஒரு நிமிடம் போதும். புள்ளி தொடங்கும் இடம், உச்சி, முடியும் இடம் ஆகிய மூன்றையும் நேர்கோடுகளால் இணைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் கிடைத்தூரம் πr, உயரம் 2r. இரண்டு கோடுகளின் மொத்த நீளம் 2r√(π² + 4), அதாவது சுமார் 7.45r. வளைந்து போகும் பாதை இதைவிடக் குறைவாக இருக்க முடியாது.

மறுபக்கம், படிக்கட்டு வழியைப் பாருங்கள். கிடையாக 2πr, மேலே ஏற 2r, கீழே இறங்க 2r, மொத்தம் சுமார் 10.28r. வளைகோடு இதைவிட நீளமாக இருக்க முடியாது. நம் விடை 8r இவ்விரண்டுக்கும் நடுவில் சரியாக அமர்கிறது.

மூலத்தைத் தனித்தனியாக எடுத்துக் கூட்டியவருக்கு 10.28r என்ற அந்த மேல் எல்லையே விடையாக வந்திருக்கும். விடை எல்லையை முட்டி நின்றால், எங்கோ படிக்கட்டு வழியில் நடந்துவிட்டோம் என்று பொருள்.

இரண்டு சுற்றுக்கு நீளம் பூஜ்ஜியமா?

இனி ஒரு சின்னச் சோதனை. சக்கரம் இரண்டு சுற்று உருண்டால் நீளம் 16r என்று சிறு பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் மேலே செய்த தொகையீட்டில் t ஐ 0 முதல் 4π வரை கொண்டுபோய்ப் பாருங்கள்:

[ −4r cos(t/2) ] = −4r cos 2π + 4r cos 0 = −4r + 4r = 0

புள்ளி இரண்டு சுற்று போய்விட்டது. பயணத் தூரம் பூஜ்ஜியம் என்கிறது கணக்கு. ஒவ்வொரு படியிலும் வகையிடலும் தொகையிடலும் சரியாகவே இருக்கின்றன. தவறு மூலத்தை எடுத்த இடத்தில் ஒளிந்திருக்கிறது.

√9 = 3. ஆனால் 9 என்பது (−3)² ஆகவும் இருக்கலாம். அப்போதும் √9 என்பது −3 ஆகாது, 3தான். அதாவது √(a²) என்பது a அல்ல. அது a இன் மட்டு மதிப்பு, |a|. ஆகவே நாம் எழுதியிருக்க வேண்டியது:

ds = 2r |sin(t/2)| dt

t ஆனது 0 முதல் 2π வரை இருக்கும்போது t/2 ஆனது 0 முதல் π வரைதான் இருக்கும். அங்கே சைன் எதிர்மறை ஆகாது. அதனால் முதல் சுற்றில் மட்டுக் குறியை விட்டுவிட்டும் தப்பித்தோம். இரண்டாம் சுற்றில் t/2 ஆனது π ஐத் தாண்டுகிறது. சைன் எதிர்மறை ஆகிறது. அந்தச் சுற்றுக்குக் கணக்கு −8r என்று எழுதி, முதல் சுற்றின் 8r ஐ அழித்துவிட்டது.

குறி எங்கே மாறும் என்பதைச் சக்கரமே காட்டுகிறது. 2r |sin(t/2)| என்பது புள்ளியின் வேகம் என்று பார்த்தோம். t = π இல், அதாவது உச்சியில், அது 2r. அதே அளவில் மையத்தின் வேகம் r. ஆக உச்சியிலுள்ள புள்ளி, சைக்கிளைவிட இரண்டு மடங்கு வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. t = 2π இல், அதாவது தரையைத் தொடும்போது, வேகம் பூஜ்ஜியம். அந்தக் கணத்தில் புள்ளி அசையாமல் நிற்கிறது. தாளில் நாம் பார்த்த கூர்முனை அதுதான்.

இதிலிருந்து ஒரு பழக்கம் கிடைக்கிறது. மூலத்தை எடுத்தவுடன், வெளியே வந்த கோவை எந்த இடங்களில் பூஜ்ஜியம் ஆகிறது என்று தேடுங்கள். அந்த இடங்கள் தொகையிடும் இடைவெளிக்கு நடுவில் இருந்தால், அங்கே வெட்டித் தனித்தனியாகத் தொகையிட்டு, ஒவ்வொன்றையும் நேர்மறையாகக் கூட்டுங்கள். நீளம் பூஜ்ஜியமாகவோ எதிர்மறையாகவோ வந்தால், வெட்ட மறந்த இடம் ஒன்று இருக்கிறது.

சுழற்றினால் கிடைக்கும் மேற்பரப்பு

இனி இந்த வளைவைத் தரைக்கோட்டை அச்சாக வைத்து ஒரு முழுச் சுற்றுச் சுழற்றுவோம். இரு முனையும் மழுங்கி, நடுவில் பருத்த ஓர் உருவம் கிடைக்கும். ரக்பி பந்தைக் கொஞ்சம் கொழுக்க வைத்தது போல இருக்கும். அதன் மேல் தாள் ஒட்ட வேண்டுமானால் எவ்வளவு தாள் தேவை?

உருவத்தை மெல்லிய வளையங்களாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வளையத்தின் சுற்றளவு 2πy, ஏனெனில் வளைகோடு அச்சிலிருந்து y உயரத்தில் இருக்கிறது. வளையத்தின் அகலம் ds. ஆகவே மேற்பரப்பு:

S = ∫ 2πy ds

ds ஐ ஏற்கெனவே சுருக்கி வைத்திருக்கிறோம். y ஐயும் அதே சாவியால் மாற்றிவிடலாம்: y = r(1 − cos t) = 2r sin²(t/2). இரண்டையும் பெருக்கினால்:

S = 8πr² ∫ sin³(t/2) dt, t = 0 முதல் 2π வரை

u = t/2 என்று வைத்தால் dt = 2du; எல்லைகள் 0 முதல் π வரை:

S = 16πr² ∫ sin³ u du

sin³ u ஐ sin u (1 − cos² u) என்று பிரித்துத் தொகையிட்டால் −cos u + (cos³ u)/3 வரும். 0 முதல் π வரை அதன் மதிப்பு 4/3. எனவே:

S = 64πr²/3

ஆரம் 35 செண்டிமீட்டராக இருந்தால், இது சுமார் 8.2 சதுர மீட்டர்.

மூலத்தை முன்கூட்டியே சுருக்காமல் y ஐ உள்ளே பெருக்கியிருந்தால், இந்தத் தொகையீடு எவ்வளவு மோசமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மேற்பரப்புக் கணக்கில் முதல் வேலை எப்போதும் ds ஐத் தனியே எடுத்துச் சுருக்குவதுதான். y பிறகு வந்து சேரட்டும்.

இங்கே இன்னொரு தவறும் அடிக்கடி நேர்கிறது. வளையத்தின் அகலமாக ds ஐ எடுக்காமல் dx ஐ எடுத்துவிடுவது. கன அளவு காணும்போது ∫ πy² dx என்று எழுதிய பழக்கம் கையில் இருப்பதால் இப்படி ஆகிறது. அப்படிச் செய்தால் 6π²r² என்று வரும். நம் உருவத்துக்குச் சுமார் 7.3 சதுர மீட்டர். பார்ப்பதற்கு நம்பும்படியான எண்தான். ஆனால் கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர் தாள் குறைகிறது.

குறைந்த தாள் எங்கே போனது? உருவத்தின் இரு முனைகளையும் பாருங்கள். அங்கே வளைகோடு கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறுகிறது. கிடையாக நகர்வதே இல்லை. dx அங்கே மிகச் சிறியது; ds அப்படி இல்லை. சாய்ந்த பகுதியை நேராக வைத்து அளந்ததால் தாள் போதவில்லை. கன அளவில் இந்தச் சாய்வு பெரிதாகப் பாதிக்காது. துண்டுகளை மெல்லியதாக்க மெல்லியதாக்க, விளிம்பில் விடுபடும் கன அளவு மறைந்துவிடும். மேற்பரப்பில் அது மறையாது. ஏனெனில் சாய்வான விளிம்பைத்தான் நாம் அளக்கிறோம்.

சாவி பொருந்தாத பூட்டு

பாடநூலில் வரும் நீளக் கணக்குகள் பெரும்பாலும் அழகாகத் திறந்துவிடும். காரணம், திறக்கும்படியான வளைகோடுகளையே தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். நம் சைக்கிளிலேயே புள்ளியைச் சற்று நகர்த்தினால் போதும், பூட்டு மாறிவிடும்.

இரவில் மின்னும் பிரதிபலிப்பானைச் சக்கரக் கம்பிகளுக்கு நடுவில் மாட்டியிருப்பார்கள். அது விளிம்பில் இல்லை. மையத்திலிருந்து d தூரத்தில் இருக்கிறது. அதன் பாதை:

x = rt − d sin t
y = r − d cos t

முன்பு செய்தது போலவே வகையிட்டு, வர்க்கப்படுத்திக் கூட்டினால் மூலத்துக்குள் வருவது:

r² + d² − 2rd cos t

d = r எனில் இது 2r²(1 − cos t) ஆகிவிடும்; சாவி பொருந்தும். ஆனால் d கொஞ்சம் குறைந்தாலும் பொருந்தாது. அதே அரைக்கோண முற்றொருமையைப் போட்டால்:

(r − d)² + 4rd sin²(t/2)

ஒரு வர்க்கம் கிடைக்க வேண்டிய இடத்தில் இரண்டு பகுதிகள் நிற்கின்றன. (r − d)² என்ற முதல் பகுதி ஒழிந்தால்தான் மூலம் திறக்கும். அது ஒழிவது d = r ஆக, புள்ளி சரியாக விளிம்பில் இருக்கும்போது மட்டுமே. மற்ற இடங்களில், புள்ளி மையத்திலேயே இருந்தால் தவிர, வேறு எந்த முற்றொருமையும் உதவாது. பள்ளியில் படிக்கும் சார்புகளைக் கொண்டு இந்தத் தொகையீட்டை எழுதவே முடியாது.

அப்போது எண்களாகவே கூட்ட வேண்டியதுதான். r = 35, d = 21 செண்டிமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றை 8 சம பாகங்களாகப் பிரித்து, t = 0, π/4, π/2 என ஒவ்வொரு இடத்திலும் மூலத்தின் மதிப்பைக் கணிப்பானில் காணுங்கள். 14, 25, 40.8, 52, 56, 52, 40.8, 25 என்று வரும். இவற்றின் கூட்டல் 305.6. ஒவ்வொரு பாகத்தின் அகலமான π/4 ஆல் பெருக்கினால் சுமார் 240 செண்டிமீட்டர். மையம் போனது 220, விளிம்பு போனது 280. பிரதிபலிப்பான் போனது இரண்டுக்கும் நடுவில். பொருத்தமான விடைதான்.

ராமானுஜன் வரும் இடம்

திறக்காத இந்தப் பூட்டில் ஒரு வியப்பு இருக்கிறது. (r − d)² ஐ sin² + cos² = 1 கொண்டு பிரித்து, u = t/2 என்று வைத்தால் மூலத்துக்குள் இருப்பது இப்படி ஆகும்:

(r + d)² sin² u + (r − d)² cos² u

x = a cos u, y = b sin u என்ற நீள்வட்டத்துக்கு நீளக் கணக்கு எழுதிப் பாருங்கள். a = r + d, b = r − d என்றால் இதே கோவை அப்படியே வரும். அதாவது ஒரு சுற்றில் பிரதிபலிப்பான் போகும் தூரமும், அந்த நீள்வட்டத்தின் சுற்றளவும் மிகச் சரியாகச் சமம். நம் எடுத்துக்காட்டில் a = 56, b = 14.

நீள்வட்டத்தின் சுற்றளவுக்குக் கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன் 1914ல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் எளிய தோராயச் சூத்திரம் தந்திருக்கிறார்:

π [ 3(a + b) − √( (a + 3b)(3a + b) ) ]

எண்களைப் போடுவோம். a + b = 70; a + 3b = 98; 3a + b = 182. மூலத்தின் மதிப்பு சுமார் 133.55. ஆக π × (210 − 133.55), அதாவது சுமார் 240.2 செண்டிமீட்டர். நாம் 8 இடங்களில் அளந்து கூட்டியதும் 240. இரண்டும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன.

கடைசியாக, பிரதிபலிப்பானை மெல்ல மெல்ல விளிம்பை நோக்கி நகர்த்துங்கள். d பெரிதாக ஆக, b = r − d சிறிதாகிறது; நீள்வட்டம் தட்டையாகிக்கொண்டே போகிறது. விளிம்பைத் தொட்டதும் b = 0. நீள்வட்டம் நசுங்கி, −2r முதல் 2r வரை ஓடும் ஒரே கோடாகிவிட்டது. அதைச் சுற்றி வருவது என்றால், 4r போய் 4r திரும்பி வருவது. மொத்தம் 8r. ரென் கண்ட அதே விடை. அதில் ஏன் π இல்லை என்பதற்கும் இதுவே விளக்கம். சுற்றளவு காண வேண்டிய உருவம் அந்த நிலையில் வளைவை இழந்து நேர்கோடாகிவிட்டது.

ராமானுஜனின் தோராயச் சூத்திரம் இந்த எல்லையில் சற்றுத் தடுமாறும். b = 0 என்று போட்டால் 4a க்குப் பதில் ஏறத்தாழ 3.98a என்று தரும். நீள்வட்டம் மிகவும் தட்டையாகும்போது அதன் துல்லியம் குறைகிறது. ஆனால் அந்த ஓரிடத்தில் தோராயம் நமக்குத் தேவையே இல்லை. அங்கேதான் மூலம் தானாகத் திறந்துகொள்கிறதே.